எட்டாம் அத்தியாயத்தில் பில்லி ஏன் காலம் தாவவில்லை? மனவடுக் கதைகளை வாசித்த அனுபவங்கள்

மதுரை வாசகி
முதுகலை ஆய்வேட்டுக்காகக் கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ (1969) வாசிக்கிறேன். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எரிந்தபோது வானகட் அங்கே போர்க்கைதி. நாவலின் பில்லியோ காலத்திலிருந்து கழன்றுபோனவன். ஒரு கதவைத் திறந்தால் வேறொரு ஆண்டில் போய் நிற்பான். மனவடுவின் அடையாளங்களாகச் சொல்லப்படும் சிதறல், திரும்பக்கூறல், இடைவெளி என மூன்றுக்கும் மூன்று நிறப் பென்சிலால் குறித்தேன். பக்கமெல்லாம் நிறம் நிறைந்துவிட்டது, எழுதத்தான் ஒரு வரியும் வரவில்லை. மனவடுக் கோட்பாட்டை வைத்து வாசித்த மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது?

கோவை நண்பன்
எனக்கு இது குழப்பமாகவே படவில்லை. மனவடுக் கோட்பாட்டாளர் கேத்தி கரூத் 1996இல் எழுதியதுதான் சாவி: நிகழும்போது மனம் உள்வாங்காத ஒன்று பிறகு தானாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் ‘அப்படித்தான் அது’ என்று நூறு முறைக்கு மேல் வருகிறதே, அது கட்டுப்படுத்த முடியாத மனத்தின் பேச்சு. குண்டுவீச்சு நேரடியாக வர்ணிக்கப்படுவதே இல்லை. நான் படித்த போர் நாவல்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தியது.

திருச்சி ஆசிரியர்
எல்லாவற்றுக்கும் பொருந்துவதுதான் எனக்கு உறுத்துகிறது. வகுப்பில் நான் முதலில் எட்டாம் அத்தியாயத்தைத்தான் திறக்கச் சொல்வேன். பில்லியின் திருமண நாள் விருந்தில் நான்கு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அவன் முகம் கோணிப்போகிறது, ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டு யோசிக்கிறான். டிரெஸ்டன் எரிந்த மறுநாள் நான்கு காவலர்கள் வாய் திறந்து, சத்தம் வராமல் நின்றது நினைவுக்கு வருகிறது. அவன் அங்கே காலம் தாவிப் போகவில்லை, நினைவுகூர்ந்தான் என்று வானகட்டே சொல்லிவிடுகிறார். நாவல் முழுக்கத் தாவுகிறவன் மையத்துக்கு வரும்போது மட்டும் தாவவில்லை. சூத்திரப்படி வாசித்தால் சிதறல் உச்சம் அடைய வேண்டிய இடம் இது. இங்கேதான் கதை ஒழுங்காக வரிசையில் போகிறது. பென்சில் குறிக்காத இடத்திலிருந்து உங்கள் ஆய்வேட்டைத் தொடங்கலாம்.

‘அப்படித்தான் அது’ மனிதச் சாவுக்கு மட்டும் வருவதில்லை. நுரை அடங்கிய ஷாம்பெயினுக்கும் வருகிறது. இது எழுத்தாளர் தெரிந்தே வைத்த கேலி. பில்லியின் மனநிலையை வானகட்டின் மனநிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1945 மே மாதம் லெ ஹாவ்ரிலிருந்து குடும்பத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் சிறைப்பட்டதும் பட்டினியும் டிரெஸ்டனும் நிகழ்ந்த வரிசையிலேயே வருகின்றன. மற்றவர்கள் செத்தார்கள், ‘நான் அல்ல’ என்ற வாசகம் அங்கேயும் திரும்பத் திரும்ப வருகிறது. நிகழ்ந்து மூன்றரை மாதத்தில் அவரால் சொல்ல முடிந்திருக்கிறது.

டொரொன்டோவிலிருந்து
நாவல் எனக்குத் தெரியாது. என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இரவை அவர் ஒரு சொல் பிசகாமல் சொல்வார். மழை, நாவற்குழிப் பாலத்து நெரிசல், எந்தப் பையில் என்ன இருந்தது, எல்லாம் அதே வரிசையில். ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது, “இடைவெளி இல்லாவிட்டால் அது மனவடு அல்ல” என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் உறவினர் ஒருவரின் அகதி விண்ணப்பத்தில் இதற்கு நேர்மாறு: தேதிகள் மாறியதால் பொய் என்றார்கள்.

திருச்சி ஆசிரியர்
உங்கள் கோபம் நியாயம். உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி 2003இல் வைத்த வாதமும் இதுவே: பயங்கரத்தைக் கண்டவர்கள் பெரும்பாலும் அதை மறப்பதில்லை, நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இடைவெளியை வைத்து நோயையும் கண்டுபிடிக்க முடியாது, பொய்யையும் கண்டுபிடிக்க முடியாது.

கோவை நண்பன்
அப்படியானால் கரூத்தைத் தூக்கி எறிய வேண்டியதுதானா? கடிதம் அம்மா, அப்பா படிப்பதற்காக எழுதியது. மறைத்ததும் இருக்கும்.

திருச்சி ஆசிரியர்
எறிய வேண்டாம். பாட்டுக்கு முகம் கோணி, காரணம் பிறகு தெரிகிறதே, அந்தத் தாமதத்தைக் கரூத் இல்லாமல் என்னால் விளக்க முடியாது. ஆனால் இடைவெளிக்கு வானகட் முதல் அத்தியாயத்திலேயே வேறு காரணமும் தருகிறார். நண்பரின் மனைவி மேரி ஓஹேர் கோபப்படுகிறார்: நீங்கள் அப்போது குழந்தைகள், சினிமாவில் வரும் வீரர்களைப் போல எழுதப்போகிறீர்கள் என்று. அப்படி எழுதமாட்டேன் என்று வானகட் வாக்குக் கொடுக்கிறார். குண்டுவீச்சுக் காட்சி இல்லாததில் இந்த வாக்குக்கு எவ்வளவு பங்கு, மனத்தின் இயலாமைக்கு எவ்வளவு என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. கடிதம் பற்றி நீங்கள் சொன்னதையும் மறுக்கமாட்டேன்.

சேலம் வரலாற்று மாணவன்
நாவலில் சாவு எண்ணிக்கை 1,35,000. 2010இல் வரலாற்றாளர் குழு அதிகபட்சம் 25,000 என்றது. இந்த மிகையும் மனவடுவின் அடையாளம்தானே?

மதுரை வாசகி
இல்லை, அது அன்று புழக்கத்தில் இருந்த நூலிலிருந்து வானகட் எடுத்த எண். அந்த நூல்தான் தவறு. எட்டாம் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படிக்கிறேன், இந்த முறை பென்சில் இல்லாமல். மேரி ஓஹேர் பற்றி வேறு யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள்.