விலைப் பதிவு வாரத்துக்கு எத்தனை போடலாம்?

வணக்கம். ஊரில் மரச்செக்கு வைத்திருக்கிறோம். போன மாதம் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்ட 20 பதிவில் 14 வெறும் விலைப் பட்டியல். வர வர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் எள் ஆட்டும்போது அப்பா கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, எண்ணெய் பிரிந்து வர அது ஏன் வேண்டும் என்று சொன்ன வீடியோவை நிறைய பேர் சேமித்து வைத்தார்கள். விலையையும் அவர்களே கேட்டார்கள். புண்ணாக்குக்காகச் செக்கடியில் காத்து நிற்கும் ஆட்டுக்குட்டி வீடியோவுக்கு லைக் குவிந்தது, ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. இருந்தாலும் அதை விட மனமில்லை, பார்த்தவர்கள் அடுத்த பதிவுக்கும் வருகிறார்கள்.

இனி வாரம் 5 பதிவில் செய்முறை 3, ஆட்டுக்குட்டி 1, விலை 1 என்று வைத்தால் சரியா? செய்முறை வீடியோவின் கடைசியில் விலையைச் சொன்னால் அதுவும் விளம்பரமாகப் போய்விடுமா? கடைப் பக்கம் நடத்துகிறவர்கள் சொல்லுங்களேன்.