வணிகர் சங்கத்தில் 15 நிமிடப் பேச்சு: விளம்பரப் பணம் எங்கே கசிகிறது என்று எப்படிக் காட்டுவது?

நண்பர்களே, எங்கள் வணிகர் சங்கக் கூட்டத்தில் ஆன்லைன் விளம்பரம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் இனிமேல்தான் தொடங்கப்போகிறவர்கள். அதனால் கூகுள் தேடல் விளம்பரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

என் சொந்தக் கணக்கையே உதாரணமாகக் காட்டப்போகிறேன். நான் மோட்டார் பம்பு பழுது பார்ப்பவன். 'பம்பு ரிப்பேர்' என்ற சொல்லை எந்தக் குறியும் இல்லாமல் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் அது Broad match ஆகிவிடும், தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் போகும். ஒரு வாரம் கழித்து, மக்கள் உண்மையில் எதைத் தேடியபோது விளம்பரம் போனது என்று காட்டும் Search terms அறிக்கையைத் திறந்தேன். 40 கிளிக்கில் 11 பேர் மெக்கானிக் வேலை தேடியவர்கள். 9 பேர் தாங்களே பழுது பார்க்க வழி தேடியவர்கள். பாதிப் பணம் அப்படியே போய்விட்டது!

அன்றே 'வேலை', 'சம்பளம்', 'எப்படி' மூன்றையும், அந்தச் சொல் உள்ள தேடலுக்கு விளம்பரம் போகாமல் தடுக்கும் Negative keywords பட்டியலில் சேர்த்தேன். அந்தச் சொல்லின் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் விளம்பரம் போகட்டும் என்று, முக்கியச் சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் போட்டேன். அப்புறம் இடம் பற்றிய அமைப்பில் Presence என்று மாற்றினேன். இல்லாவிட்டால் நம் ஊர்மேல் ஆர்வம் காட்டிய வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் தெரியும்.

இப்போது உங்களிடம் கேட்பது இதுதான். வலைத்தளமே இல்லாமல் போன் அழைப்பை மட்டும் நம்பும் கடைக்காரருக்கு, எந்தச் சொல் அழைப்பைக் கொண்டுவந்தது என்று கணக்கு வைப்பதை எளிதாக எப்படி விளக்குவீர்கள்? வேறு தொழிலின் Search terms அறிக்கை யாரிடமாவது இருந்தால், பெயரை மறைத்து அனுப்ப முடியுமா?