அதே உருக்கு, அதே சான்றிதழ், 80 மெகாபாஸ்கல் குறைவு: படிகமணி அளவில் நீங்கள் கண்டது என்ன?

உரசல்தாள்

திருச்சிப் பக்கம் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இதைப் போல நீங்கள் கண்டதையும் எழுதுங்கள்.

கொதிகலன் உதிரிகள் செய்யும் ஒரு பட்டறையிலிருந்து 14 மி.மீ. தடிமனுள்ள மென்னுருக்குத் தகட்டின் துண்டு வந்தது. ஆலைச் சான்றிதழில் ஈல்டு வலிமை 284 மெகாபாஸ்கல் என்று இருந்தது. எங்கள் இழுவிசை எந்திரத்தில் 204தான் வந்தது. இந்த ரகத்துக்கு 250 வேண்டும். சான்றிதழ் பொய் என்று பட்டறைக்காரர் கொதித்துப்போனார். வேதியியல் கூட்டைச் சோதித்தோம். கார்பன், மாங்கனீசு எல்லாம் சான்றிதழில் உள்ளபடியே இருந்தன.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. கிண்ண மூடி அழுத்துவதற்காகத் தகடுகளை 1,100 டிகிரிக்குச் சூடாக்கியிருக்கிறார்கள். அழுத்த எந்திரம் பழுதாகிவிட, தகடுகள் 11 மணி நேரம் உலைக்குள்ளேயே கிடந்திருக்கின்றன. பிறகு உலையோடு சேர்ந்து மெல்ல ஆறியிருக்கின்றன.

துண்டை மெருகேற்றி, 2 சதவீத நைட்டாலில் சில விநாடிகள் காட்டி, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தேன். படத்தின் மேல் மொத்தம் 500 மி.மீ. நீளத்துக்குக் கோடுகள் போட்டேன். அது உலோகத்தில் 5 மி.மீ. கோடுகள் 78 படிகமணிகளைக் கடந்தன. அப்படியானால் ஒன்றின் சராசரி நீளம் 64 மைக்ரான். உலைக்குப் போகாத மிச்சத் தகட்டில் அதே கோடுகள் 312 மணிகளைக் கடந்தன, அதாவது 16 மைக்ரான். மணி நான்கு மடங்கு வளர்ந்துவிட்டது.

மாணவன்27

11 மணி நேரம் 1,100 டிகிரி என்றால் கார்பன் எரிந்து போயிருக்கும். கார்பன் குறைந்தால் வலிமை குறையும். படிகமணியைக் காரணம் சொல்ல வேண்டிய தேவையே இல்லையே?

உரசல்தாள்

நல்ல சந்தேகம். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. மேற்பரப்பில் கார்பன் போனது உண்மை. குறுக்குவெட்டில் இரு பக்கமும் வெளுத்த பட்டை தெரிந்தது. ஆனால் சோதனைத் துண்டைத் தகட்டின் நடுத்தடிமனிலிருந்துதான் கடைந்தெடுத்தோம். அங்கே பெர்லைட்டின் பங்கு பழைய தகட்டில் இருந்த அளவே இருந்தது. கார்பன் அங்கிருந்து போகவில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஹால் 1951இல் மென்னுருக்கை வைத்து எழுதியதும், பெட்ச் 1953இல் விரிவாக்கியதும் இதுவேதான்.

σ_y = σ_0 + k·d^(-1/2)

σ_y என்பது ஈல்டு வலிமை, d என்பது படிகமணியின் அளவு, k அந்த உலோகத்துக்கான மாறிலி. உங்களிடம் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, போட்டுப் பாருங்கள். d-ஐ மி.மீ.யில் எடுத்தால், 0.016க்கு வர்க்கமூலத்தின் தலைகீழ் 7.9. 0.064க்கு 3.95. மணி நான்கு மடங்கானதால் இந்த எண் சரிபாதியாகிவிட்டது. 80 மெகாபாஸ்கலை 3.95ஆல் வகுத்தால் k ஏறத்தாழ 20. மென்னுருக்குக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். மீதி σ_0, சுமார் 124. அது மணியின் அளவைச் சாராத பங்கு. மாங்கனீசும் சிலிக்கானும் கரைந்திருப்பதால் வரும் எதிர்ப்பு அதில் அடக்கம்.

ஒரு கேள்வி. 204 என்பது மேல் ஈல்டா, கீழ் ஈல்டா? மென்னுருக்கில் விசை முதலில் எகிறி, பிறகு சரிந்து, சமமாக ஓடும். மேல் புள்ளி பிடிப்பான் சற்றுக் கோணினாலே மாறிவிடும். ஹால் பார்த்தது கீழ்ப் புள்ளியை. ஆலை மேல் புள்ளியை எழுதி, நீங்கள் கீழ்ப் புள்ளியை எடுத்திருந்தால், 80இல் ஒரு பகுதி வெறும் அளவீட்டு வேறுபாடு.

உரசல்தாள்

ஐயா, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். மிச்சத் தகட்டையும் எங்கள் எந்திரத்திலேயே இழுத்தோம். கீழ் ஈல்டு 284 வந்தது. இரண்டும் கீழ்ப் புள்ளிதான்.

பிறகு ஒரு துண்டை 910 டிகிரிக்கு ஏற்றி, அரை மணி நேரம் வைத்து, காற்றில் ஆறவிட்டோம். மணி 20 மைக்ரானுக்கு வந்தது. உங்கள் கணக்குப்படி 7.07ஐ 20ஆல் பெருக்கி 124ஐக் கூட்டினால் 265. எந்திரம் காட்டியது 262. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தகடு ரகத்துக்குள் வந்துவிட்டது.

பித்தளைப் பட்டறை

எனக்கு நேர்மாறான தொல்லை. 70-30 பித்தளைத் தகட்டில் ஆழமான கிண்ணங்கள் அழுத்துகிறோம். தகடு இளகட்டும் என்று உலையில் கூடுதல் நேரம் வைத்தால் சுலபமாக இறங்குகிறது, ஆனால் கிண்ணத்தின் பக்கம் ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளமாகிறது. மெருகேற்றும் கூலி இரட்டிப்பாகிறது. நானும் 910இல் வைத்துக் காற்றில் ஆறவிட்டால் மணி சிறிதாகுமா?

ஓய்வு பெற்ற ஆசிரியர்

வேண்டாம் தம்பி. 910 டிகிரி அந்தப் பித்தளையின் உருகுநிலையை நெருங்கிவிடும், துத்தநாகமும் ஆவியாகும். உருக்கில் அந்த வைத்தியம் பலிப்பதற்குக் காரணம் வேறு. சூட்டில் அதன் படிக அமைப்பே மாறி, ஆறும்போது மீண்டும் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய மணிகள் முளைக்கின்றன. உங்கள் பித்தளையில் அந்த மாற்றம் இல்லை. வளர்ந்த மணியைச் சூடு மட்டும் சிறிதாக்காது. குளிர் நிலையில் உருட்டி நன்றாக நசுக்கி, பிறகு அளவான சூட்டில் புதிய மணிகளை முளைக்கவிட வேண்டும். அவை முளைத்ததும் உலையை விட்டு எடுத்துவிட வேண்டும்.

மாணவன்27

அப்படியானால் படிகமணி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? செங்கல் சுவரில் சாந்துதானே பலம்? எல்லைகள் அதிகமானால் பலமும் அதிகம்.

நிக்கல் பூச்சு

அந்தச் சாந்து உவமை என்னை ஒரு வருடம் தவறான வழியில் கொண்டுபோனது. எல்லை ஒட்டும் பசை அல்ல, தடை. இடப்பெயர்வுகள் என்பவை அணு அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள்; மணிக்குள் நழுவி வரும் அவை எல்லையில் வந்து முட்டி வரிசை கட்டி நிற்கின்றன. பெரிய மணியில் வரிசை நீளம், முன்னால் நிற்பதன் மேல் அழுத்தம் அதிகம், அடுத்த மணியில் நழுவல் சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. மணி மிகச் சிறிதானால் வரிசை கட்டவே இடமில்லை. மின்பூச்சில் நான் செய்த நிக்கலில் மணியைக் குறைக்கக் குறைக்கக் கடினத்தன்மை ஏறிக்கொண்டே வந்தது. பத்து இருபது நானோமீட்டருக்கு வந்ததும் ஏற்றம் நின்று, சில மாதிரிகளில் இறங்கியது. அது எல்லைகளே நழுவுவதாலா, என் பூச்சில் இருந்த நுண்துளைகளாலா என்று இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சூட்டிலும் கவனம் வேண்டும். ஜெட் எஞ்சினின் சூடான பகுதியில் சுழலும் அலகுகளை எல்லையே இல்லாத ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். அந்த வெப்பத்தில் எல்லைகள்தான் முதலில் இளகும் இடம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்

வரிசை விளக்கத்தையும் முடிந்த முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய தரவுகளையே d^(-1)க்கு எதிராக வரைந்தாலும் பல உலோகங்களில் கோடு ஏறக்குறைய அதே அளவு பொருந்துகிறது. வர்க்கமூலம்தான் சரி என்பது பற்றி இன்றும் வாதம் உண்டு. உரசல்தாளின் மூன்று புள்ளிகள் 16க்கும் 64க்கும் இடைப்பட்டவை. அந்த இடைவெளிக்குள் கணக்குப் போட அவை போதும். அதை 2 மைக்ரான் வரை நீட்டி யாருக்கும் வாக்குறுதி கொடுக்காதீர்கள்.

உரசல்தாள்

தலைகீழையே வைத்துப் போட்டுப் பார்த்தேன் ஐயா. 20 மைக்ரானுக்கு 263 வருகிறது. என் 262 இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. மூன்று புள்ளிகளால் இதைத் தீர்க்க முடியாதுதான்.

பித்தளைப் பட்டறைக்கு: ஆரஞ்சுத் தோல் விழுந்த கிண்ணத்தின் பக்கத்திலிருந்து நகக்கண் அளவு துண்டு ஒன்றும், அழுத்தாத தகட்டிலிருந்து ஒன்றும் வெட்டி வையுங்கள். வெட்டும்போது சூடேறக் கூடாது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள். எண்ணிச் சொல்கிறேன்.

பித்தளைப் பட்டறை

திங்கட்கிழமை இரண்டு சுருளிலிருந்தும் அனுப்புகிறேன். ஒரு சுருளில் மட்டும்தான் தோல் விழுகிறது, உலை நேரம் இரண்டுக்கும் ஒன்றே.

உரசல்தாள்

அப்படியானால் உலைக்கு முன்பு எந்தச் சுருள் எவ்வளவு உருட்டப்பட்டது என்பதையும் கேட்டு எழுதி அனுப்புங்கள்.