ஜிஎஸ்டியில் ASMT-10 நோட்டீஸ் வந்திருக்கிறது, இன்புட் வரி கிரெடிட்டில் 57,600 வித்தியாசமாம். என்ன செய்வது?

பட்டறைக்காரர்: கோவையில் லேத் பட்டறை. 2022-23க்கு இங்கிலீஷில் நோட்டீஸ். நான் ரிட்டர்ன் போட்ட 3Bயில் 6,84,200, சப்ளையர்கள் ஏற்றிய பில்கள் வரும் 2Bயில் 6,26,600 என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். கீழே உள்ள பாரா புரியவில்லை. கட்டச் சொல்கிறார்களா?

நூல் கடை: ஏழு நாளில் பதில் போடுங்கள் அண்ணா, இல்லையென்றால் விற்பனை ரிட்டர்ன் GSTR-1 பூட்டிவிடும். 2Bயில் இல்லாததைக் கட்டத்தான் வேண்டும்.

வரி கணக்காளர்: ஏழு நாள் கெடுவும் GSTR-1 பூட்டுவதும் DRC-01C என்ற வேறு நோட்டீஸுக்குத்தான். இது ASMT-10. பயப்படாதீர்கள், இது டிமாண்ட் இல்லை, விளக்கம்தான் கேட்கிறார்கள். அந்தப் பாரா சொல்வது: "இந்தத் தேதிக்குள் காரணம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களிடம் சொல்ல எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டு, மறுபடி கேட்காமலே மேல் நடவடிக்கை எடுக்கலாம்." அந்தத் தேதிதான் முக்கியம். பதிலை போர்ட்டலிலேயே ASMT-11 படிவத்தில் போட வேண்டும்.

முதலில் பர்ச்சேஸ் பில்களை மாதாமாதம் 2Bயோடு டிக் அடித்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் 2Bயையும் சேர்த்துப் பாருங்கள்.

பட்டறைக்காரர்: நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன் சார். இரண்டே பில்தான். மார்ச்சில் வாங்கிய பித்தளை ராடு, வரி 39,600. அது ஏப்ரல் 2Bயில் இருக்கிறது. இன்னொன்று டூல்ஸ், வரி 18,000. எங்கேயும் இல்லை.

வரி கணக்காளர்: ராடு சப்ளையர் மார்ச் GSTR-1ஐ தாமதமாகப் போட்டிருக்கிறார், அதனால் அடுத்த மாதம் ஏறியது. பில்லையும் ஏப்ரல் 2B பக்கத்தையும் இணைத்து எழுதுங்கள். ஆனால் அதே 39,600ஐ ஏப்ரல் 3Bயிலும் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எடுத்திருந்தால் இரட்டை இன்புட், இந்த விளக்கம் நிற்காது.

டூல்ஸ் கடைக்காரர் உங்கள் ஜிஎஸ்டி எண் போடாமல், சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றதுபோல B2Cயில் ஏற்றினாரா என்று கேளுங்கள்.

அச்சக உரிமையாளர்: எனக்கு 2018-19க்கு சப்ளையர் சர்டிபிகேட் கொடுத்து முடிந்தது. அவரும் அதையே வாங்கட்டும்.

வரி கணக்காளர்: அந்தச் சலுகை பழைய வருஷங்களுக்கு. 2022 ஜனவரி 1 முதல் 2Bயில் வந்தால்தான் இன்புட்.

பட்டறைக்காரர்: கடைக்காரர் B2C என்று ஒப்புக்கொண்டார். இப்போது திருத்தித் தருகிறாராம். ஏப்ரல் 3Bயில் ராடு பில்லை எடுக்கவில்லை.

வரி கணக்காளர்: அவரால் இனி முடியாது. 2022-23 பில்லைத் திருத்தும் கெடு 2023 நவம்பர் 30ஓடு போய்விட்டது. 18,000ஐ நாமாகவே கட்டும் DRC-03 படிவத்தில் கட்டி, அந்த எண்ணையும் ASMT-11ல் எழுதுங்கள். ஷோகாஸ் நோட்டீஸ் வருமுன் வட்டியோடு கட்டினால் அபராதம் இல்லை. வட்டி 18 சதவீதம், இன்புட்டைப் பயன்படுத்திய நாளிலிருந்து. கிரெடிட் லெட்ஜரில் அந்த 18,000 தொடாமலே இருந்திருந்தால் வட்டி வராது. லெட்ஜரை இறக்கிப் பாருங்கள்.

நூல் கடை: அப்போ ராடு பில்லுக்கு? ஒரு மாதம் முன்னாடியே எடுத்துவிட்டாரே.

வரி கணக்காளர்: அதற்கும் லெட்ஜர்தான் பதில். இருப்பு குறைந்திருந்தால் அதிகாரி வட்டி கேட்கலாம். சிலர் கேட்பதில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது.

பட்டறைக்காரர்: பித்தளைக்கு இருப்பு இருந்தது. டூல்ஸ் பில்லுக்குப் பார்க்க வேண்டும். இன்று சாயங்காலம் இறக்குகிறேன்.