‘ஃபில்லிங் டிஃபெக்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் காந்தத்தால் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி ஸ்கேனின் அறிக்கையை நோயாளிகளுக்கு விளக்கும் நான்கு பக்கக் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பித்தநாளம், கணையநாளம், விரிவு, சுருக்கம் எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. படத்தில் நாளத்துக்குள் கறுப்பாகத் தெரியும் இடத்தைச் சொல்லும் ‘ஃபில்லிங் டிஃபெக்ட்’ என்ற ஒரு சொல்லில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்.

என்னிடம் இருப்பது பெயர் நீக்கிய ஒரு மாதிரி அறிக்கை. 58 வயதுப் பெண். பித்தப்பையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள். அல்ட்ராசவுண்டில் பொதுப் பித்தநாளம் 11 மி.மீ, அதன் கீழ்ப்பகுதி குடல் வாயுவால் தெரியவில்லை என்று இருக்கிறது. அப்புறம் எடுத்த எம்.ஆர்.சி.பி-யில் அதே நாளத்தின் கீழ்முனையில் 7 மி.மீ ஃபில்லிங் டிஃபெக்ட், அதற்கு மேலே நாளம் விரிந்திருக்கிறது, கணையநாளம் இயல்பு.

நான் ‘நிரப்புக் குறைபாடு’ என்று போட்டேன். படித்துப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, “என்ன சத்து குறைவாம்?” என்று கேட்டார்.

சேகர் எழுதியது:

எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? ‘கல்’ என்று எழுதிவிடுங்கள். எம்.ஆர்.சி.பி-யில் நாளத்துக்குள் சாயம் ஏற்றுவார்கள். கல் இருக்கும் இடத்தில் சாயம் நிரம்பாது. அதனால்தான் அந்தப் பெயர்.

ரேவதி எழுதியது:

சேகர், பெயர் வந்த கதை நீங்கள் சொன்னதுதான். ஆனால் அது வேறொரு பரிசோதனையின் கதை. இ.ஆர்.சி.பி-யில் வாய் வழியாகக் குழாயை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளத்தின் வாயில் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே பார்ப்பார்கள். சாயம் புகாத இடம் ஃபில்லிங் டிஃபெக்ட். எம்.ஆர்.சி.பி-யில் யாரும் எதையும் நிரப்புவதில்லை. உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கும் பித்தநீரும் கணையநீருமே படம் தருகின்றன. நாங்கள் கதிரியல்காரர்கள் பழைய பெயரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

காந்தத்துக்குள் எல்லாத் திசுக்களும் சமிக்ஞை தரும். ஆனால் கல்லீரல், தசை போன்றவற்றின் சமிக்ஞை சீக்கிரம் அடங்கிவிடும். தேங்கி நிற்கும் நீரின் சமிக்ஞை மட்டும் நெடுநேரம் நீடிக்கும். மற்றவை அடங்கும்வரை காத்திருந்து படம் பிடித்தால் கறுப்புப் பின்னணியில் நாளங்கள் மட்டும் வெள்ளை மரக்கிளை போலத் தெரியும். வயிற்றில் இருக்கும் தண்ணீரும் வெள்ளையாகத் தெரிந்து அதை மறைக்கும் என்பதால்தான் நான்கு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம்.

தங்கராசா எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து. கணையம் என்பதை எங்கட பாடப்புத்தகங்களில் ‘சதையி’ என்றுதான் படித்தோம். கையேட்டில் இரண்டையும் ஒரு முறையாவது போட்டால் எங்கட ஆட்களுக்கும் விளங்கும்.

மங்கை எழுதியது:

நான் கேட்டது வேறு சொல்லைப் பற்றி, அண்ணா. ஆனாலும் இதைக் குறித்துக்கொண்டேன். கட்டாயம் போடுகிறேன்.

பாலு எழுதியது:

இந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நடந்தது தெரியுமா? அம்மாவின் அறிக்கையில் ‘டிஃபெக்ட்’ என்று பார்த்ததும் மிஷினில் கோளாறு, படம் சரியாக விழவில்லை என்று நினைத்துவிட்டேன். திரும்ப எடுத்துத் தாருங்கள் என்று ஸ்கேன் சென்டரில் போய்ச் சண்டை. அங்கே யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை.

எனக்கு இன்னும் ஒரு குழப்பம் இருக்கிறது. பித்தப்பையில் கல் இருந்தபோது அல்ட்ராசவுண்ட் டாக்டர் திரையில் வெள்ளையாகக் காட்டி “இதுதான் கல்” என்றார். எம்.ஆர்.சி.பி-யில் கறுப்பாகக் காட்டி “இதுதான் கல்” என்றார்கள். எது உண்மை?

ரேவதி எழுதியது:

இரண்டும் உண்மைதான், பாலு. அல்ட்ராசவுண்டில் ஒலி கல்லில் மோதித் திரும்புகிறது. அதனால் கல் வெள்ளை, அதற்குப் பின்னால் ஒலி போகாத இடம் கறுப்பு நிழல். பித்தநீர் அங்கே கறுப்பு. எம்.ஆர்.சி.பி-யில் நீர் வெள்ளை. கல்லிலிருந்து சமிக்ஞை வராததால் அது கறுப்பு. பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்டே நல்ல பரிசோதனை. நாளத்தின் கீழ்முனையில்தான் அது தடுமாறும். அந்த இடத்துக்கு முன்னால் முன்சிறுகுடல் இருக்கிறது, அதிலுள்ள காற்றை ஒலி தாண்டாது. மங்கையின் அறிக்கையில் இருப்பது அதேதான். பித்தப்பை எடுத்தவர்களுக்கு நாளம் 10 மி.மீ வரை விரிந்திருப்பது சாதாரணம் என்பதால் 11 மி.மீ-யை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்ட முடியாது. கண் மஞ்சளும் சேர்ந்ததால்தான் அடுத்த ஸ்கேனுக்குப் போனார்கள்.

சேகர் சொல்வது போல் ‘கல்’ என்று எழுத நான் ஒப்ப மாட்டேன். காற்றுக் குமிழும் கறுப்பாகத்தான் தெரியும். முன்பு இ.ஆர்.சி.பி செய்து நாளத்தின் வாயை வெட்டியவர்களுக்கு உள்ளே காற்று புகுந்திருக்கும். மல்லாந்து படுத்திருக்கும்போது காற்று மேலே, வயிற்றுப் பக்கம் மிதக்கும். கல் கீழே, முதுகுப் பக்கம் படியும். குறுக்குவெட்டுப் படத்தில் அதைப் பார்த்துத்தான் பிரிப்போம். பித்தநீர் வேகமாக ஓடும் இடத்தில்கூட நடுவே கறுப்பு விழுந்து ஏமாற்றும்.

சேகர் எழுதியது:

சரி, சாயம் பற்றிச் சொன்னது தப்புதான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு எம்.ஆர்.சி.பி-யில் கல் இல்லை என்றார்கள், பிறகு மூன்று மில்லிமீட்டர் கல் வந்தது. இதை என்ன சொல்ல?

ரேவதி எழுதியது:

நடக்கக்கூடியதுதான். அவ்வளவு சிறிய கல்லைச் சுற்றியுள்ள வெள்ளை நீர் விழுங்கிவிடும். முழு மரமும் ஒரே படத்தில் தெரிகிற அந்த அழகான தடித்த படத்தில் நிச்சயம் மறைந்துபோகும். மெல்லிய துண்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதிலும் தப்பும் கல் உண்டு.

அரங்கன் எழுதியது:

மருத்துவர் சொன்னதைக் கேட்ட பிறகு ‘குறைபாடு’, ‘பழுது’ இரண்டையும் தள்ளிவிடலாம். ‘வெற்றிடம்’ என்று ஒரு நண்பர் தனி மடலில் எழுதினார். அங்கே ஒரு பொருள் உட்கார்ந்திருக்கிறது, அதை எப்படி வெற்றிடம் என்பது? ‘நிழல்’ அல்ட்ராசவுண்டுக்குப் போய்விட்டது. ‘நிறையாத் திட்டு’ எப்படி இருக்கிறது? சாயமோ பித்தநீரோ, எது நிறையவில்லை என்றாலும் பொருந்தும். கல்லா காற்றா என்று சொல்லாமலும் விடுகிறது.

தங்கராசா எழுதியது:

‘இருள்திட்டு’ என்றால் இன்னும் லேசு. படத்தில் என்ன தெரிகிறதோ அதையே சொல்லுது.

ரேவதி எழுதியது:

இருள்திட்டு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாளத்துக்கு வெளியே எல்லாமே இருள்தானே? வெள்ளைக்கு உள்ளே இருக்கும் இருள் என்பது அந்தச் சொல்லில் இல்லை. நிறையாத் திட்டில் அது இருக்கிறது. எனக்கு உறுத்துவது ஒன்றுதான். நாளத்தின் சுவரிலிருந்து முளைத்த கட்டியையும் சில நேரம் ஃபில்லிங் டிஃபெக்ட் என்று எழுதுகிறோம். ‘திட்டு’ என்றால் சுவரைத் தொடாமல் தனியாக நிற்பது போல் தோன்றுகிறதே?

அரங்கன் எழுதியது:

ஆற்றில் கரையை ஒட்டியும் மணல்திட்டு இருக்கிறது, அம்மா.

மங்கை எழுதியது:

பக்கத்து வீட்டு அம்மாவிடம் ‘நிறையாத் திட்டு’ காட்டினேன். “எது நிறையலை?” என்றார். பித்தநீர் என்றதும், “அப்போ உள்ள ஏதோ அடைச்சிருக்கு” என்றார். ஆகவே முதல் இடத்தில் ‘பித்தநீர் நிறையாத் திட்டு’ என்று எழுதலாம் என்றிருக்கிறேன்.

ரேவதி எழுதியது:

கணையநாளத்துக்குள்ளும் கல் வரும், மங்கை. அங்கே பித்தநீர் இல்லை.

தங்கராசா எழுதியது:

சதையிநீர்.

சேகர் எழுதியது:

நான் வீட்டில் ‘கல் மாதிரி ஏதோ’ என்றுதான் சொல்லப்போகிறேன்.