என் விடைக்குறிப்பே தப்பு, எப்படிப் பிடிப்பது?

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு நானே 25 கணக்குகளுக்கு விடைக்குறிப்பு எழுதினேன். இப்போது அதையே நம்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை மதிப்பெண் கொடுத்தாக வேண்டும்.

38 பேரும் செய்முறையை போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இறுதி விடைகளை எக்செல்லில் ஏற்றி, பெரும்பான்மை என் குறிப்போடு முரண்படும் கணக்குகளை மட்டும் தேடினேன். ஒன்று சிக்கியது. 7 செ.மீ. ஆரமும் 24 செ.மீ. உயரமும் உள்ள உருளையிலிருந்து அதே அளவுக் கூம்பைக் குடைந்தெடுத்தபின் மொத்தப் புறப்பரப்பு என்ன? என் குறிப்பில் 1606, பிள்ளைகளிடம் 1760. வித்தியாசம் 154, சரியாக ஒரு வட்ட அடிப்பரப்பு. அடிப்பக்கத்தைக் கூட்ட நான்தான் மறந்திருக்கிறேன். சரி, திருத்திவிட்டேன்.

சிக்கல் அடுத்ததில். √(x+7) = x−5. என் குறிப்பில் 2, 9. வகுப்பில் முக்கால்வாசிப் பேரும் 2, 9 என்றே எழுதியிருந்ததால் எக்செல் எதையும் காட்டவில்லை. வேறு எதற்கோ புரட்டும்போது ஒரு மாணவியின் படத்தில் 2 அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பென்சிலில் "3 ≠ −3". பிரதியிட்டுப் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. கரும்பலகையில் பிரதியிடாமல் போட்டுக் காட்டியதும் நான்தான்!

சக ஆசிரியரிடம் குறிப்பைக் கொடுத்தேன், என் வரிகளையே வாசித்துவிட்டு 'சரி' என்றார். படங்கள் மொத்தம் தொள்ளாயிரத்துக்கும் மேல், எல்லாவற்றையும் வரிவரியாகப் பார்க்க நேரமில்லை.

குறிப்பும் பெரும்பான்மையும் சேர்ந்தே தப்பாக இருக்கும் கணக்குகளை, இந்தப் படங்களிலிருந்து எந்த அடையாளத்தை வைத்துப் பிரித்தெடுக்கிறீர்கள்?