‘இன்டெக்ஸ் பல்ஸ்’ தமிழில் என்ன?

பயிற்சி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மோட்டார் செய்முறைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. மூன்று சொற்களில் நிற்கிறேன்: இன்கிரிமென்டல் என்கோடர், அப்சொல்யூட் என்கோடர், இன்டெக்ஸ் பல்ஸ். மோட்டார் தண்டு சுற்றுவதைத் துடிப்புகளாகவோ எண்ணாகவோ தரும் கருவியான என்கோடரைக் ‘குறியாக்கி’ என்று எழுதிவிட்டேன். முதலாவதை ‘ஏறுமானக் குறியாக்கி’ என்றால், மோட்டார் பின்னால் சுற்றும்போது எண்ணிக்கை இறங்குகிறதே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

தமிழாசிரியர்:
அம்மா, ‘செலவுக் குறியாக்கி’ என்று வைக்கலாம். செலவு என்றால் முதற்பொருள் போதல்தான். வழிச்செலவு என்ற சொல்லில் அது இன்னும் இருக்கிறது. இயற்பியலில் தனிச்சுழி வெப்பநிலை என்று வழங்குவதால் அப்சொல்யூட்டுக்குத் ‘தனிநிலைக் குறியாக்கி’ பொருந்தும். இன்டெக்ஸுக்குச் ‘சுழித் துடிப்பு’. சுழி, சுழல், சுழற்சி மூன்றும் ஒரே வேர். சுழி பூச்சியமும் ஆகும். ஒரு சுழற்சிக்கு ஒருமுறை வந்து பூச்சியத்தைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சொல் இல்லை.

பராமரிப்புப் பொறியாளர்:
ஐயா, ‘செலவு’ என்று படித்தால் பணம்தான் நினைவுக்கு வரும். ‘சுழி’ அழகான சொல். ஆனால் அந்தத் துடிப்பு வந்ததும் எண்ணிக்கை தானாகப் பூச்சியம் ஆவதில்லை. “இங்கே ஒரு அடையாளம்” என்று மட்டும் அது சொல்கிறது; மற்றது நாம் எழுதும் நிரலைப் பொறுத்தது. அதனால் ‘சுட்டுத் துடிப்பு’ போதும். முதல் வகை எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொல்கிறது, மின்சாரம் போய் வந்தால் இருந்த இடம் மறந்துவிடும். அது ‘நகர்வுக் குறியாக்கி’. மற்றது எழுந்தவுடனே இருக்கும் இடத்தைச் சொல்வதால் ‘இருப்பிடக் குறியாக்கி’.

இயந்திரம் கட்டுபவர்:
சொல் பற்றி எனக்குத் தெரியாது, என் சிக்கலைக் கேட்கிறேன். சுற்றுக்கு 1024 கோடு உள்ள நகர்வு வகையை வைத்திருக்கிறேன். மேசை பத்து முறை போய் வந்தால் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவதில்லை. கோடு கூடிய குறியாக்கி வாங்கினால் சரியாகுமா?

மாணவர்:
அப்சொல்யூட் வாங்குங்கள் அண்ணா, அதில் மின் இரைச்சல் சிக்கலே வராது.

பராமரிப்புப் பொறியாளர்:
தம்பி சொல்வது பாதி சரி. இரைச்சல் அதன் செய்தியையும் கெடுக்கும். அடுத்த வாசிப்பு சரியாக வந்தால் அந்தப் பிழை போய்விடும், அவ்வளவுதான். நகர்வு வகையில் தவறிய எண்ணிக்கை அப்படியே தங்கி மேலே மேலே சேரும். கோடுகளைக் கூட்டினால் இது தீராது; துடிப்புகள் இன்னும் நெருங்கி வரும்.

முதலில் எது தவறு என்று பாருங்கள். குறியாக்கி தரும் A, B அலைகளின் நான்கு விளிம்பையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 4096. ஒரே திசையில் சுற்றவிட்டு, ஒரு சுட்டுத் துடிப்பிலிருந்து அடுத்தது வரை எத்தனை வருகிறது என்று எழுதுங்கள். எப்போதும் 4096 வந்தும் மேசை தவறினால் கம்பியில் குற்றமில்லை. தண்டையும் மேசையை நகர்த்தும் திருகையும் இணைக்கும் கப்ளிங் நழுவுகிறதா என்று பாருங்கள். 4096 மாறினால் எண்ணிக்கைதான் கெடுகிறது. அப்புறம் மோட்டாரை ஓட்டும் டிரைவை அணைத்துவிட்டு, குறியாக்கிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இயந்திரம் கட்டுபவர்:
பார்த்தேன். கையால் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் 4096. டிரைவ் ஓடும்போது 4093, 4101 என்று மாறுகிறது.

பராமரிப்புப் பொறியாளர்:
அப்படியானால் இரைச்சல்தான். முறுக்கிய கம்பிகளில் எதை எதோடு இணைத்தீர்கள்?

இயந்திரம் கட்டுபவர்:
A-யை B-யோடு. A-யின் தலைகீழ் அலை வரும் எதிர்க்கம்பியை B-யின் எதிர்க்கம்பியோடு.

பராமரிப்புப் பொறியாளர்:
அதுதான். A-யும் அதன் எதிர்க்கம்பியும் ஒரே முறுக்கில் இருந்தால்தான் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாகப் புகும். அலையை வாங்கும் சில்லு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுப்பதால் அது கழிந்துவிடும். உங்கள் இணைப்பில் A ஒரு முறுக்கிலும் அதன் எதிர் இன்னொன்றிலும் இருக்கின்றன, கழிய வழியில்லை. மாற்றிவிட்டு, வாங்கும் முனையில் ஒவ்வொரு இணைக்கும் குறுக்கே 120 ஓம் மின்தடை இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

இயந்திரம் கட்டுபவர்:
மாற்றினேன். ஒரு மணி நேரம் ஓடியும் 4096 மாறவில்லை. மிக்க நன்றி.

பயிற்சி ஆசிரியை:
இந்தச் சோதனையை அப்படியே கையேட்டில் சேர்க்கிறேன். நகர்வு, இருப்பிடம், சுட்டு என்று முடிக்கலாமா? நான்கு பேர் சரி என்று எழுதியிருக்கிறார்கள்.

மாணவர்:
ஒரு சந்தேகம். ஒரு சுற்று மட்டும் அறியும் அப்சொல்யூட் வகை, தண்டு எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்று சொல்லாதே. அது இருப்பிடமா?

தமிழாசிரியர்:
அதனால்தான் தனிநிலை என்றேன். ‘செலவு’ போகட்டும், விட்டுவிடுகிறேன். சுழித் துடிப்பை விடமாட்டேன். அடிக்குறிப்பிலாவது அது வரட்டும் அம்மா.